காயம் மறையும் முன் எழுதி வாங்குங்க: 1855 சித்திரவதைக் கமிஷன் முதல் சாத்தான்குளம் வரை

1/ வள்ளூர் பக்கம் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிற ஒரு பையன், வயசு இருபத்தி மூணு, அம்மாவோட வந்தான். "பைக்ல இருந்து விழுந்துட்டேன் சார்"னான். சட்டையைக் கழட்டச் சொன்னேன். முதுகுல குறுக்கா நாலு காயம். ஒவ்வொண்ணுமே ரெண்டு சிவப்புக் கோடு, நடுவுல வெளிறிப்போன தோல். ரயில் தண்டவாளம் மாதிரி.

2/ கீழே விழுந்தா இப்படி ஆகாது. உருண்டையான தடி வேகமா படும்போது, அடி விழுந்த இடத்துல ரத்தம் ரெண்டு பக்கமும் ஒதுங்கும். அங்கே நுண்குழாய்கள் கிழிஞ்சு இரண்டு இணைகோடு விழும். ஃபாரன்சிக் பாடத்துல முதல் வருஷமே சொல்லித் தர்ற விஷயம் இது. லத்தியோட கையெழுத்துன்னே சொல்லலாம். பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அம்மா, "ஸ்டேஷன் பேரை மட்டும் எழுதாதீங்க சார்"ன்னாங்க.

3/ அந்த பயம் இன்னைக்கு நேத்து வந்தது இல்லைங்க. நம்ம சென்னையிலயே நூற்றி எழுபது வருஷத்துக்கு முன்னால அது அரசாங்க அறிக்கையிலயே பதிவாகி இருக்கு. அந்தக் கதையைச் சொல்லிட்டு, கடைசியில இந்தப் பையன் கிட்ட வர்றேன்.

4/ 1854 ஜூலையில் லண்டன் பாராளுமன்றத்தில், மதராஸ் மாகாணத்தில் வரி வசூலிக்க குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. கம்பெனி அரசு வேறு வழியில்லாமல் ஒரு கமிஷன் போட்டது. எலியட், ஸ்டோக்ஸ், வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன் என்று மூன்று பேர். பாதிக்கப்பட்டவர்கள் நேரில் வரலாம், கடிதமும் எழுதலாம் என்று அறிவித்தார்கள்.

5/ குறுகிய காலத்தில் வந்த புகார்கள் 1,959. அதில் 519 பேர் நேரிலேயே வந்தார்கள். ரயில் இல்லாத காலம். பல நூறு மைல் நடந்து வந்தவர்களும் அதில் உண்டு. விரல்களை மரக்கட்டைக்கு நடுவே வைத்து நெருக்குகிற கிட்டி, உடம்பை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் போடுவது, இதெல்லாம் அறிக்கையில் வரிசையாக வருகிறது. 1855-ல் வெளியான அந்த அறிக்கை, சித்திரவதை நடப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டது.

6/ ஆனா அந்த அறிக்கையில என்னை உலுக்கினது கிட்டி இல்லை. "இத்தனை வருஷமா ஏன் யாரும் புகார் கொடுக்கல?"ங்கற கேள்விக்குக் கிடைச்ச பதில்தான். கொடுத்திருக்காங்க. ஒருத்தன் கலெக்டருக்குத் தபால்ல மனு போடுவான். அந்த மனு, "தாசில்தார் விசாரிப்பார்"ன்னு ஒரு வரி எழுதி கீழே போகும். அடிச்சவனே அந்தத் தாசில்தாரோட ஆள். வரி வசூலும் அவரே, போலீசும் அவரே. சுத்திச் சுத்தி புகார் அடிச்சவன் கைக்கே வந்து சேரும்.

7/ இந்த வளையத்தை உடைக்கணும்னுதான் 1859-ல் மதராஸ் போலீஸ் சட்டம் வந்து, போலீஸ் வருவாய்த்துறையில இருந்து தனியா பிரிஞ்சது. போலீஸ் கிட்ட கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்ல செல்லாதுன்னு 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொன்னது. 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவா நாம படிச்சது அதைத்தான். அடிச்சு வாங்கின வார்த்தைக்கு மதிப்பில்லைன்னு ஆக்கினா அடி குறையும்ங்கறது கணக்கு.

8/ கணக்கு எங்கே தப்புச்சுன்னு பார்க்க 2020 சாத்தான்குளம் போவோம். ஜூன் 19, ஊரடங்கு நேரம். செல்போன் கடைத் தகராறுன்னு ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் ஸ்டேஷன்ல வச்சிருந்தாங்க. மறுநாள் காலை அரசு மருத்துவமனையில் "ரிமாண்டுக்குத் தகுதி" சான்று வாங்கி, மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்து, ரொம்ப தூரம் தள்ளி கோவில்பட்டி கிளைச்சிறைக்கு அனுப்பினாங்க. 22-ம் தேதி ராத்திரி மகன் இறந்தார். 23-ம் தேதி அதிகாலை அப்பா இறந்தார்.

9/ அந்த வரிசையைக் கவனிங்க. காயத்தைப் பார்த்து எழுத வேண்டிய இடங்கள் இருந்தது. முதல்ல டாக்டர், அடுத்தது மாஜிஸ்திரேட். சட்டம் இவங்களை வெறும் முத்திரை குத்த வைக்கல, அடிபட்டவனோட முதல் சாட்சியா வச்சிருக்கு. அந்த ரெண்டு கதவும் திறக்கலேன்னா அதுக்கு அப்புறம் மிஞ்சறது பிரேதப் பரிசோதனைதான். ஒரு டாக்டரா இதை எழுத எனக்குக் கூச்சமா இருக்கு. ஆனாலும் எழுதணும்.

10/ அந்த வழக்கு எப்படி நகர்ந்தது? சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஒருத்தரை நேரடியா ஸ்டேஷனுக்கு அனுப்பிச்சது. போலீஸ் ஒத்துழைக்கல. சிசிடிவி டிஸ்க்ல இடம் நிறைய இருந்தும், பதிவு தினமும் தானா அழியற மாதிரி வச்சிருந்தாங்க. அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், ராத்திரி முழுக்க அடி நடந்ததைச் சொன்னார். உயர் நீதிமன்றம் அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறை கட்டுப்பாட்டில் விடச் சொன்னது. விசாரணை சிபிசிஐடிக்கும், அப்புறம் சிபிஐக்கும் போனது.

11/ 1859-ல் வருவாய்த்துறை கிட்ட இருந்து போலீஸைப் பிரிச்சோம். 2020-ல் போலீஸ் ஸ்டேஷனைக் காப்பாத்த வருவாய்த்துறையைக் கூப்பிட்டோம். ஆடை மாறினாலும் பாடம் ஒண்ணுதான்: ஆதாரத்தைக் காக்கிற கை, அடிச்ச கையா இருக்கக் கூடாது.

12/ சரி, இப்போ அந்த முதல் கதவுக்கு வருவோம். கைதானவரை உடனே அரசு மருத்துவர் பரிசோதிக்கணும். உடம்புல காயம் இருந்தா, அது எப்போ ஏற்பட்டிருக்கும்ங்கறதையும் சேர்த்து எழுதணும். அந்த ரிப்போர்ட்டோட ஒரு காப்பி கைதானவருக்கோ, அவர் சொல்ற ஆளுக்கோ கொடுக்கணும். இப்போதைய பிஎன்எஸ்எஸ் சட்டம், 53-ஆம் பிரிவு. காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பரிசோதிக்கணும்னு உச்ச நீதிமன்றம் 1996-ல் டி.கே. பாசு வழக்கில் சொல்லி இருக்கு. 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தும்போது, அவர் கேட்கலேன்னாலும் "அடிச்சாங்க, இங்கே வலிக்குது"ன்னு வாயைத் திறந்து சொல்லணும். அது பதிவாகும்.

13/ வெளியே வந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தா, "ஏ.ஆர். போடுங்க"ன்னு கேளுங்க. ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர். அதுல யார் அடிச்சா, எங்கே, எத்தனை மணிக்கு, எதால என்பதை நீங்க சொல்றபடியே எழுதணும். ஒவ்வொரு காயத்துக்கும் இடம், நீளம் அகலம், நிறம் இருக்கணும். "பல இடங்களில் காயம்"ன்னு ஒரே வரியில முடிச்சா அது கோர்ட்ல நிக்காது. ஏ.ஆர். தகவல் வழக்கப்படி போலீஸுக்கும் போகும். சில சமயம் அது அதே ஸ்டேஷனாகவும் இருக்கலாம். பழைய வளையம்! அதனால காப்பி உங்க கையில இருக்கிறது ரொம்ப முக்கியம்.

14/ காயம் ரொம்ப நாள் காத்திருக்காது. சிவப்பு ஊதாவாகி, பச்சையாகி, மஞ்சளாகி ரெண்டு வாரத்துல மங்கிடும். ஆழத்துல இருக்கிற ரத்தக்கட்டு முதல் நாள் தெரியாம ரெண்டாம் மூணாம் நாள்தான் மேலே வரும். அதனால முதல் நாளும் மூணாம் நாளும் போட்டோ எடுங்க. முகம் தெரிய ஒண்ணு, காயம் எந்த இடம்னு தெரிய ஒண்ணு, ஸ்கேலோ நாணயமோ பக்கத்துல வச்சு நேராக் கிட்டத்துல ஒண்ணு. ஃபில்டர் வேண்டாம், ஒரிஜினல் ஃபைலை அழிக்க வேண்டாம். நிறத்தை வச்சு இத்தனை மணிக்கு அடிச்சாங்கன்னு எந்த டாக்டராலும் துல்லியமா சொல்ல முடியாது. அதையும் தெரிஞ்சுக்கோங்க.

15/ இதைவிட அவசரமான ஒண்ணு இருக்கு. எலும்பு உடையாம, தோல் கிழியாம, தொடையிலயும் புட்டத்துலயும் மட்டும் அடிச்சா, நசுங்கின தசையில இருந்து ஒரு புரதம் ரத்தத்துல கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். அதனால ஒருத்தர் நடந்து வந்துட்டு ரெண்டு மூணு நாள்ல மோசமாகலாம். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்துல போச்சுன்னாலோ அளவு குறைஞ்சாலோ புகாரை அப்புறம் பார்த்துக்கலாம், அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. சிகே, கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை கேளுங்க. அந்த ரிப்போர்ட்டே பிறகு வலுவான ஆதாரமாவும் இருக்கும்.

16/ புகார் யாருக்கு? 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில், சுதந்திரமான போலீஸ் புகார் ஆணையம் அமைக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாடு 2013-ல் சட்டம் போட்டது. மாநில ஆணையத் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்கள் டிஜிபியும் ஏடிஜிபியும். மாவட்டத்தில் தலைவர் கலெக்டர், கூடவே எஸ்பி. 1855 அறிக்கையைப் படிச்சவங்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கும்.

17/ அதனால நான் பாதிக்கப்பட்டவங்களுக்குச் சொல்றது மாநில மனித உரிமை ஆணையம். கட்டணம் கிடையாது, தமிழ்லயே எழுதலாம், வக்கீல் கட்டாயமில்லை. தேதி, நேரம், இடம், தெரிஞ்ச வரை அதிகாரி பெயர் அல்லது பதவி, ஏ.ஆர். காப்பி, போட்டோ, யார் யார் பார்த்தாங்கங்கறது, இவ்வளவு போதும். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள கொடுத்தாகணும். ஒரே விஷயத்தை தேசிய ஆணையத்துக்கும் மாநில ஆணையத்துக்கும் ரெண்டு பக்கமும் போடக் கூடாது. மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும்னு சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021-ல் தீர்ப்பு சொல்லி இருக்கு.

18/ ஆணையம் இழப்பீடும் துறை நடவடிக்கையும் சொல்லலாம், யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. அதுக்கு கிரிமினல் வழக்குதான். எஸ்பி அல்லது கமிஷனருக்குப் பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோட. நடவடிக்கை இல்லேன்னா மாஜிஸ்திரேட் கோர்ட். வக்கீல் வைக்க வசதி இல்லாதவங்க இலவச சட்ட உதவிக்கு 15100-க்குக் கூப்பிடலாம்.

19/ நம்ம வள்ளூர் பையன்? சிறுநீர் சோதனை நல்லா இருந்தது. நாலு காயத்தையும் அளந்து எழுதினேன். "ஸ்டேஷன் பேர் வேண்டாம்"ன்ன அம்மா கிட்ட, "நீங்க சொல்றதை மட்டும்தான்மா எழுதுவேன், ஆனா பைக்னு எழுதினா இந்தக் கோடு உங்களைப் பொய்யாக்கும்"ன்னேன். கொஞ்ச நேரம் அழுதாங்க. பையன்தான் சொன்னான், "உள்ளது உள்ளபடி எழுதுங்க சார்"ன்னு.

20/ மூணாம் நாள் வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. ஏ.ஆர். காப்பி ரேஷன் கார்டோட பிளாஸ்டிக் கவர்ல இருக்குதாம். மனு இன்னும் கொடுக்கல, பயமாத்தான் இருக்கு. முதுகுல கோடெல்லாம் மறைஞ்சு போச்சு. ஒரு வருஷ கெடுவுல நாலு மாசம் போயிடுச்சு. காகிதம் மட்டும் அப்படியே இருக்கு.