வாடைக்காற்றும் விளக்கொளியும்: தமிழ் இலக்கியத்தில் பொழுது உணர்வாகும் முறை

கதையில் ஒரு துயரம் நிகழவேண்டுமானால் வானம் இருளவேண்டும், இடி இடிக்கவேண்டும், மின்னல் வெட்டவேண்டும் என்பது இன்று எழுதப்படாத விதிபோல் ஆகிவிட்டது. மாணவர் எழுதும் கட்டுரைகளிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் இதனைக் காண்கிறோம். இப்புயல் படிப்பவர் நெஞ்சைத் தொடாமற் போவதற்குக் காரணம் எளியது. பாத்திரம் அழுவதால் நாம் முன்னரே அறிந்துகொண்டதையே வானமும் மீண்டும் ஒருமுறை சொல்கிறது. புதிதாக எதையும் அது நமக்கு அறிவிப்பதில்லை.

தட்பவெப்பத்தையும் ஒளியையும் கொண்டு உணர்வை எழுப்பும் முறை தமிழுக்குப் பழையது. அம்முறை புயலை நம்பி வளர்ந்ததன்று. அதன் வரலாற்றில் ஒரு பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சற்று நின்று நோக்குவதும், பருவங்கள் வேறாக அமைந்த நம் நிலத்துக்கு அது எவ்வாறு பொருந்தும் என்று காண்பதும் இவ்வுரையின் நோக்கமாகும்.

பொழுது என்னும் முதற்பொருள்

அகப்பாட்டுக்குரிய பொருள்களைத் தொல்காப்பியம் முதல், கரு, உரி என மூன்றாக வகுக்கிறது. அவற்றுள் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் ஆகும். பொழுது இருவகைப்படும். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் இரண்டிரண்டு திங்கள் கொண்ட ஆறும் பெரும்பொழுது. மாலை, யாமம், வைகறை, நண்பகல், எற்பாடு முதலாய நாட்கூறுகள் சிறுபொழுது.

ஒரு திணைக்கு ஒரு பொழுதை உரிமையாக்கியதற்கு அடிப்படை என்ன என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. முல்லைக்குக் காரும் மாலையும் உரியன. கார்காலம் வந்ததும் மீள்வேன் என்று சொல்லிப் பிரிந்தவன் தலைவன். மாலையோ ஆநிரைகள் கன்றை நினைந்து வீடு திரும்பும் நேரம். எல்லாரும் இல்லம் சேரும் அந்நேரத்தில்தான் சேராத ஒருவனின் இன்மை புலப்படும். மாலையின் நிறம் சோகமானது என்பதற்காக அது முல்லைக்கு வரவில்லை. காத்திருத்தல் என்னும் நிகழ்ச்சி கண்ணுக்குத் தெரியும் வேளை அது என்பதற்காகவே வந்தது. அவ்வாறே மறைவான சந்திப்புக்கு இடந்தரும் யாமம் குறிஞ்சிக்கும், இன்னொரு பகலும் வீணே கழிந்தது என்பதைக் காட்டும் எற்பாடு நெய்தலுக்கும் உரியவாயின. மாந்தர் வாழ்க்கையில் அந்நேரம் செய்யும் வேலையே அதன் உணர்வுக்கு வேராகும்.

நெடுநல்வாடை: ஒரு காற்று, இரண்டு உள்ளங்கள்

மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் இயற்றிய நெடுநல்வாடை, பத்துப்பாட்டுள் ஒன்று. 188 அடிகளைக் கொண்டது. போர்ப்பாசறைக்குச் சென்ற வேந்தனையும் அரண்மனையில் அவனைப் பிரிந்து கிடக்கும் அரசியையும் பற்றியது. வாடை என்பது கூதிர்காலத்து வடகாற்று.

பாட்டுத் தொடங்கும்போதே பெருமழை பொழிந்து முடிந்திருக்கிறது. மின்னலும் இடியும் கொண்டு கேட்போரை அச்சுறுத்தும் வாய்ப்பு புலவருக்கு இருந்தும் அவர் அதனை நாடவில்லை. மழைக்குப் பின் எஞ்சும் ஈரத்தையும் குளிரையுமே எடுத்துக்கொள்கிறார். வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுநிலத்துக்கு ஆநிரையை ஓட்டிச் சென்ற கோவலர், தம் ஊரைவிட்டு நீங்கிய வருத்தத்தோடு தீமூட்டிக் கைகாய்ந்து நடுங்குகின்றனர். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன. பால் குடிக்க வரும் கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது. குளிர் கொடியது என்று புலவர் கூறவேண்டிய தேவையே இல்லை. தாய்ப்பசு கன்றை உதைத்தது என்னும் ஒரு செய்தி அவ்வளவையும் கூறிவிடுகிறது.

பின்னர்ப் பாட்டு நகரத்துக்குள் நுழைகிறது. மேகம் மூடியதால் கதிரவன் இருப்பிடம் தெரியவில்லை. பகலா மாலையா என்று அறியமுடியவில்லை. மகளிர் பூந்தட்டில் இட்டுவைத்த பிச்சி அரும்புகள் மலர்ந்து மணக்கக் கண்டு, மாலை வந்தது என உணர்ந்து விளக்கேற்றித் தொழுகின்றனர். மாடத்துப் புறாவோ இரவு பகல் அறியாமல், இரைதேடப் புறப்படாமல், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்கிறது. வேனிலுக்குப் பயன்பட்ட விசிறிகள் சுருக்கப்பட்டுச் சிலந்திநூல் படியத் தொங்குகின்றன. சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது. ஆடல் மகளிர் குளிரில் நிலைதிரிந்த யாழ் நரம்பைத் தம் மார்பின் வெம்மையில் தடவிப் பண்ணுக்கு இசைவிக்கின்றனர்.

இங்கே ஒளியின் இன்மை செய்யும் வேலையை உற்றுநோக்கவேண்டும். ஒளி மறைந்ததால் நகரம் காலக்கணக்கை இழந்துவிட்டது. மக்கள் நேரத்தை அறிய மலரை நம்புகின்றனர். புறா அதுவும் அறியாது நிற்கிறது. இதற்குப் பின்னரே நாம் அரசியைக் காண்கிறோம். எந்நாள் முடியும் என அறியாது காத்திருப்பவள் அவள். அவள் நிலையை நேரே விளக்குவதற்கு முன்பே, காலம் நகராத ஓர் உலகில் நம்மை நிறுத்திவிட்டார் புலவர். புறாவின் தயக்கத்தை நாம் முன்னரே உணர்ந்திருப்பதால் அரசியின் தயக்கம் நமக்குப் புதிதாகத் தோன்றுவதில்லை.

அரண்மனையின் உள்ளே யவனர் செய்த பாவைவிளக்கு எரிகிறது. நெய் சொரிந்து, திரியைத் தூண்டி, அதன் ஒளியை மங்காது காக்கின்றனர். காற்று உட்புகாத அந்த ஒளி அசையாதது. அரசி கட்டிலின்மேல் விதானத்தில் தீட்டிய ஓவியத்தைப் பார்க்கிறாள். அதில் திங்களோடு பிரியாது நிற்கும் உரோகிணியைக் கண்டு பெருமூச்செறிகிறாள். கடைக்கண்ணில் திரண்ட நீரை விரலால் தெறிக்கிறாள். வெளியே நிலவே இல்லாத இரவில், ஓவிய நிலவு ஒன்றே அவள் காணும் நிலவு.

இறுதியில் காட்சி பாசறைக்கு மாறுகிறது. அங்கே விளக்குச்சுடர்கள் வடகாற்று வீசுந்தோறும் தெற்கு நோக்கிச் சாய்கின்றன. அரண்மனையில் நின்றெரிந்த சுடரும் இங்கே அலையும் சுடரும் ஒரே இரவின் இரு முகங்கள். வேந்தன் உறங்கவில்லை. தூறல் துளிக்கும் நள்ளிரவில், வீரன் ஒருவன் தோளில் கைவைத்து, புண்பட்ட வீரர்களைக் கண்டு நடக்கிறான். சேற்றுத்தெருவில் குதிரைகள் உடலைச் சிலிர்த்துத் துளிகளை உதறுகின்றன.

அரசிக்கு நீண்டதாய்த் தோன்றுவதால் நெடுவாடை. கடமையில் ஊன்றி வெற்றிபெறும் வேந்தனுக்கு நல்லதாதலின் நல்வாடை என்று தலைப்புக்கு விளக்கம் கூறுவர். ஆகவே வாடைக்கெனத் தனி உணர்வு ஒன்றில்லை. தன்னைத் தாங்குவோர் நிலைக்கேற்ப அது இருவேறு பொருள் பெறுகிறது. புயலைச் சோகத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்ட வழக்கம் இழந்தது இவ்வியல்பையே.

வருணனை பிரிந்து நின்ற காலம்

பின்னாளில் காப்பிய இலக்கணம் வகுத்த தண்டியலங்காரம், பெருங்காப்பியத்துக்குரிய உறுப்புகளுள் மலை, கடல், நாடு, நகர் ஆகியவற்றோடு பருவத்தையும் கதிரவன், திங்கள் தோற்றத்தையும் சேர்த்து எண்ணியது. பெரும்புலவர் கையில் இவை சிறந்தன. ஆயினும் பருவ வருணனை ஒரு தனி உறுப்பு ஆனபோது, அதனை நிகழ்ச்சியிலிருந்து பிரித்தெடுத்துப் பயிலவும் முடிந்தது. பிரித்தெடுக்கக் கூடியது எங்கும் பொருத்தக் கூடியதாகிவிடும். இன்றைய புயல் வருணனையின் நோயும் இதுவே.

இந்நோயைக் கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு கதையின் மழைப் பத்தியை எடுத்து வேறொரு கதையில் வைத்துப் பாருங்கள். ஒரு சொல்லும் மாறாமல் அது அங்கும் பொருந்துமாயின், அது முதற்கதைக்கு உரியதன்று. நெடுநல்வாடையின் புறாவை அவ்வாறு பெயர்க்க முடியாது. பெயர்த்தால் அரசியின் காத்திருப்பும் உடன் பெயர்ந்துவிடும்.

நம் நிலத்தின் பொழுது

நமக்கு வாடையும் இல்லை, முன்பனியும் இல்லை. சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு பத்து நிமிடங்களைக்கூட எட்டாது. அந்திப்பொழுது விரைவில் முடிந்து இருள் சூழும். எனவே தமிழகத்துப் பருவச் சொற்களை இங்கே அப்படியே கொண்டுவந்தால் அவை அணியாக நிற்குமேயன்றி உயிராக நில்லா. இங்குள்ளோர் வாழ்வில் எந்தப் பொழுது எதைத் தீர்மானித்தது என்று தேடவேண்டும்.

ரப்பர்த் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். பால்மரம் வெட்டுவது விடியற்குளிரில் தொடங்கும்; வெயில் ஏறுமுன் பால் நன்கு சுரக்கும். மரப்பட்டை நனைந்திருந்தால் வெட்டமுடியாது. வெட்டினால் பால் வழிதவறி ஓடும், மழைநீர் கலந்து கெடும். அன்று வேலை இல்லை. நாட்கூலிக்காரருக்கு அன்று கூலியும் இல்லை. இந்த ஒரு செய்தி தெரிந்தால் புயல் தேவைப்படாது. அதிகாலை நான்கு மணிக்குத் தகரக்கூரையின் விளிம்பிலிருந்து சொட்டும் நீரொலியே போதும். தாய் விளக்கை ஏற்றாமல் படுத்தபடியே அதனைக் கேட்டிருக்கிறாள். ஒலி நிற்கிறது. எழுந்து வாசலுக்கு வருகிறாள். மீண்டும் சொட்டுகிறது. விளக்கு ஏற்றப்படாமையே அக்காட்சியின் ஒளியமைப்பு. அதே ஒலியைக் கேட்டுப் பக்கத்தில் கிடக்கும் குழந்தை, இன்று அம்மா வீட்டில் இருப்பாள் என்று போர்வையை இழுத்துக்கொள்கிறது. தாய்க்கு நெடிய மழை, பிள்ளைக்கு நல்ல மழை. எவர் உணர்வையும் பெயர்சொல்லிக் கூற வேண்டுவதில்லை.

தோட்டத்தில் பருவமே இல்லை என்பதும் முழு உண்மையன்று. ஆண்டின் முதல் மாதங்களில் ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும். எப்போதும் நிழலிலிருக்கும் தரையில் வெயில் விழும், பால் குறையும். வெளிச்சம் மிகும் காலமே வருவாய் சுருங்கும் காலமாகிறது. ஒளியை மகிழ்ச்சிக்கும் இருளைத் துயருக்கும் ஒதுக்கும் பழக்கத்தை இந்நிலம் தானே மறுக்கிறது.

பழங்காலக் கதை எழுதுவோர் கவனிக்கவேண்டிய வரலாற்றுச் செய்தி ஒன்றும் உண்டு. 1982ஆம் ஆண்டு தொடக்கத்தில் தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே நகர்த்தின. இன்று மாலை ஏழு மணியை ஒட்டி மறையும் கதிரவன், அதற்கு முன் ஆறரையை ஒட்டி மறைந்தான். 1970இல் நிகழும் ஒரு சிங்கப்பூர்க் கதையில், மாலை ஏழு மணிக்கு முற்றத்தில் வெயில் காய்கிறது என்று எழுதினால் அது பிழை. அந்நேரம் வீட்டில் விளக்கு எரியவேண்டும். பூவைக் கண்டு மாலையை அறிந்து விளக்கேற்றிய மகளிரை நக்கீரனார் காட்டினார். நம் கதைமாந்தர் தம் விளக்கை எந்த மணிக்கு ஏற்றினர், எதைக் கண்டு ஏற்றினர், ஏன் சிலநாள் ஏற்றாதிருந்தனர் என்பனவற்றை அறிந்து எழுதத் தொடங்கினால், இடியும் மின்னலும் தாமே விலகிவிடும்.