டைகர் விருது பிறந்த கதை

1972 ஜூனில் நெதர்லாந்தின் துறைமுக நகரமான ரோட்டர்டாமில் ஹூபர்ட் பால்ஸ் ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கினார். முதல் நாள் இரவு படம் பார்க்க வந்தவர்கள் 17 பேர். பால்ஸ் 1988இல் இறந்தார். அதுவரை அங்கே போட்டிப் பிரிவு கிடையாது. அவர் விரும்பிய படங்கள் திரையிடப்பட்டன, அவ்வளவுதான். 1995இல்தான் முதல் படமோ இரண்டாம் படமோ எடுத்த இயக்குநர்களுக்காக ஒரு போட்டி பிறந்தது. விழாவின் சின்னமான புலியின் பெயரே விருதுக்கும் வந்தது. எம்ஜிஎம் நிறுவனத்தின் சிங்கத்துக்கு எதிரே நிற்கும் புலி அது.

ஒரு விழாவில் நூற்றுக்கணக்கான படங்கள் ஓடும். பத்திரிகையாளருக்கும் படம் வாங்க வருபவருக்கும் எல்லாவற்றையும் பார்க்க நேரம் இருக்காது. எனவே தேர்வுக்குழு பத்துப் பதினைந்து படங்களைப் பிரித்தெடுத்து, ஒரு நடுவர் குழுவின் முன் வைக்கிறது. இதுதான் போட்டிப் பிரிவு. மற்ற பிரிவுகளில் உள்ள படங்கள் தரம் குறைந்தவை என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் போட்டியில் இருக்கும் படத்தை யாராவது ஒருவர் கட்டாயம் பார்ப்பார், எழுதுவார்.

அந்த இடத்துக்கு விழாக்கள் கேட்கும் விலை, முதல் திரையிடல். உலகில் எங்குமே காட்டாத படம் முதன்முதலாகத் திரைக்கு வருவது உலக பிரீமியர். சொந்த நாட்டில் மட்டும் காட்டிய படம் வெளிநாட்டில் முதலில் திரையிடப்பட்டால் அது சர்வதேச பிரீமியர். வெனிஸ் தன் போட்டிக்கு உலக பிரீமியரையே கேட்கிறது. கான் விழா, சொந்த நாட்டில் வெளியான படத்தை ஏற்கும். வேறொரு சர்வதேச விழாவிலோ இணையத்திலோ வந்திருந்தால் ஏற்காது. ஜவ்வாது மலையில் படம் எடுத்த ஒருவர் எடிட்டிங் முடிந்த ஆர்வத்தில் அதை யூடியூபில் ஏற்றிவிட்டால், இந்தக் கதவுகள் அன்றே சாத்தப்பட்டுவிடும். திருப்பத்தூரில் நண்பர்களைக் கூட்டிப் போட்டுக் காட்டினால் பாதகமில்லை. பொதுமக்களுக்குக் காட்டுவதுதான் கணக்கில் வரும். பிரீமியர் ஒரு முறைதான் செலவழிக்கக்கூடிய காசு.

அந்தக் காசைச் சரியான இடத்தில் செலவழித்த தமிழ்ப் படம், பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, குழந்தையோடு நடந்தே தாய்வீடு திரும்பிய தன் சகோதரியின் துயரத்திலிருந்து அவர் எடுத்த முதல் படம் அது. மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியின் வெயிலில், குடிகார அப்பாவும் சிறுவனும் நடக்கும் 75 நிமிடப் படம். நட்சத்திரம் இல்லை, பாட்டு இல்லை. முழுமையடையாத நிலையில் படத்தைப் பார்த்த இயக்குநர் ராம் சொல்லித்தான் விக்னேஷ் சிவனும் நயன்தாராவும் தயாரிப்பை ஏற்றார்கள்.

2021 பிப்ரவரியில், கொரோனாவால் இணையவழி நடந்த ரோட்டர்டாமின் 50ஆவது விழாவில் அது உலக பிரீமியராக, டைகர் போட்டியில் இடம்பெற்றது. பிப்ரவரி 7 அன்று விருதும் 40,000 யூரோவும் அதற்குக் கிடைத்தன. தமிழ்ப் படம் ஒன்று அந்த விருதை வென்றது அதுவே முதல் முறை.

விருதைச் சுற்றி எழும் பேச்சு ஏன் தேவை என்பது இதற்குப் பின் நடந்ததில் தெரியும். விளம்பரத்துக்குக் கோடிகள் இல்லாத படத்துக்கு விருதே விளம்பரம். ஒரு விழாவில் வென்ற படத்தை மற்ற விழாக்கள் தாமே கேட்டு வாங்கும்; ‘கூழாங்கல்’ சில மாதங்களில் நியூயார்க்கின் புதிய இயக்குநர்கள் விழாவுக்குப் போனது. அக்டோபரில் ஷாஜி என். கருண் தலைமையிலான குழு அதை ஆஸ்கருக்கான இந்தியப் பரிந்துரையாகத் தேர்ந்தெடுத்தது. தேர்வுக்குழுவின் மேசைக்குப் படம் வரும் முன்பே அதன் பெயர் வந்து சேர்ந்திருந்தது.

ஆனால் அந்தப் பேச்சு எட்டாத தூரமும் உண்டு. டிசம்பரில் வெளியான 15 படங்களின் ஆஸ்கர் முதற்கட்டப் பட்டியலில் ‘கூழாங்கல்’ இல்லை. அங்கே ஓட்டுப் போடுபவர்கள் படத்தைப் பார்க்க வேண்டுமானால், அமெரிக்காவில் திரையிடலும் பிரசாரமும் மாதக்கணக்கில் நடக்க வேண்டும்; அதற்குப் பெரும் பணம் வேண்டும். அதைவிட வருத்தம், தமிழ் மக்கள் அந்தப் படத்தைப் பரவலாகப் பார்க்க முடிந்தது 2023 அக்டோபரில், சோனி லிவ் தளத்தில்தான். விருது கிடைத்து இரண்டரை ஆண்டுகளுக்கும் மேல் ஓடிவிட்டது. விருது வாங்கிய வாரத்தில் எல்லோர் வாயிலும் இருந்த பெயரை, படம் வந்தபோது புதிதாக நினைவூட்ட வேண்டியிருந்தது.

எனவே விழாவுக்கு அனுப்புகிறவர் இரண்டு தேதிகளைச் சேர்த்தே யோசிக்க வேண்டும்: முதல் திரையிடலை யாருக்குக் கொடுப்பது, விருதுப் பேச்சு ஓயும் முன் நம் ஊர்த் திரையரங்குக்குப் படத்தை எப்போது கொண்டுவருவது. முதல் தேதியை விழா தீர்மானிக்கும். இரண்டாவதைத் தயாரிப்பாளரும் விநியோகஸ்தரும்தான் தீர்மானிக்க வேண்டும். அதை எந்த நடுவர் குழுவும் அவர்களுக்காகச் செய்து தராது.