கருத்துக் கேட்புக் கூட்டம் நம்ம ஊருக்கு வந்த வரலாறு

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று தலைவி அக்கா கேட்டபோது, கடன் வாங்கி மாடு வாங்கின கதையை நிறைய பேர் எழுதுவாங்க, நான் வேற எழுதுறேன் என்று சொல்லிவிட்டேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். கிணறு வெட்டும்போது சிப்பி கிடைக்கும், அதை வைத்து நாங்கள் சின்ன வயதில் விளையாடுவோம். அந்தக் கல்லுக்காகத்தான் சிமெண்ட் ஆலைகள் இங்கே வந்தன. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979-ல் வந்தது. அப்போது திருச்சி மாவட்டம்தான். பெரம்பலூர் தனி மாவட்டம் ஆனது 1995-ல், அரியலூர் இப்போது இருக்கிற மாதிரி தனியாக நிலைத்தது 2007-ல். அந்த நாளில் ஒரு ஆலையோ சுரங்கமோ வருகிறது என்றால் ஊர் ஜனங்களைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும் என்று சட்டமே கிடையாது. எங்க பாட்டி சொல்லும், "ஒரு நாள் ஜீப்பு வந்துச்சு, கல்லு நட்டுட்டுப் போனாங்க, அவ்வளவுதான்" என்று.

கேட்க வேண்டும் என்கிற விதி எப்படி வந்தது? 1984-ல் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கான பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு 1986-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 1994-ல் ஒரு அறிவிக்கை வந்தது. பெரிய திட்டம் தொடங்குமுன் அதனால் என்ன பாதிப்பு வரும் என்று ஆய்வு செய்து அனுமதி வாங்க வேண்டும் என்றது அது. 1997 ஏப்ரலில்தான் பொதுமக்கள் கருத்துக் கேட்பை அதில் கட்டாயம் ஆக்கினார்கள். முப்பது நாள் முன்னாடி இரண்டு பத்திரிகையில் விளம்பரம், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். கேட்கும் குழுவில் கலெக்டர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அரசுத் துறைகள், இவர்களோடு உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மூன்று பேர் வரைக்கும், ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் வரைக்கும் உட்காரலாம்.

விதி வந்த உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. எங்கோ தூரத்தில் கூட்டம், யாருக்கும் தெரியாத பத்திரிகையில் விளம்பரம் என்று நடந்ததைக் குஜராத்தில் ஒரு அமைப்பு கோர்ட்டுக்குக் கொண்டுபோனது. 2000-ல் குஜராத் உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கூட்டம் நடக்கும் இடம் திட்டம் வரும் இடத்துக்கு முடிந்தவரை பக்கத்தில் இருக்கணும், தாலுக்கா தலைநகரைத் தாண்டி வைக்கக் கூடாது. விளம்பரம் அந்தப் பகுதியில் ஜனங்கள் நிஜமாகவே படிக்கிற பத்திரிகையில் வரணும். ஆய்வு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்கணும். நமக்குத் தேவையானது அத்தனையும் அதிலேயே இருக்கிறது.

இப்போது நடைமுறையில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை. முப்பது நாள் அதிலும் உண்டு. கூட்டம் திட்டம் வரும் இடத்திலேயோ பக்கத்திலேயோதான். பத்திரிகை போகாத ஊராக இருந்தால் தண்டோரா போட்டாவது, ரேடியோவில் சொல்லியாவது தெரிவிக்கணும் என்று எழுதியே இருக்கிறது. (தண்டோரா போடுவதை 2022-ல் தமிழக அரசு வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. நல்லதுதான். இப்போது ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறார்கள்.) ஆனால் மேடையில் உட்காருகிறவர்கள் குறைந்துபோனார்கள். கலெக்டர் அல்லது அவர் சார்பில் வரும் பெரிய அதிகாரி, வாரியத்தின் பிரதிநிதி, அவ்வளவுதான். உள்ளாட்சிக்காரர்களும் ஊர்ப் பெரியவர்களும் கீழே இறங்கிவிட்டார்கள். எனக்கு இது குறையாகத்தான் படுகிறது.

எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சுரங்கத்தை விரிவாக்க சில வருஷம் முன்னாடி ஒரு கூட்டம் நடந்தது. கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை, அது இதற்குத் தேவையும் இல்லை.

விளம்பரத்தை முதலில் பார்த்தது எங்கள் குழுவின் கணக்கு எழுதும் தங்கச்சி. ஊராட்சி அலுவலகத்துக்கு வேலை அட்டை விஷயமாகப் போனபோது மேஜையில் ஒரு புத்தகம் கிடந்திருக்கிறது. அதுதான் ஆய்வு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம், பதினெட்டுப் பக்கம். கூடவே பத்திரிகை விளம்பரத்தின் நகல். விளம்பரம் வந்த தேதி மாதம் 4, கூட்டம் அடுத்த மாதம் 6. எண்ணிப் பார்த்தோம், முப்பது நாள் சரியாக இருந்தது. முழு அறிக்கை இங்கிலீஷில், செங்கல் கனம். அதைக் கலெக்டர் ஆபீஸிலும் ஒன்றிய அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் கூட்டம் முடியும்வரை வைத்திருக்கணும், யார் வேணும்னாலும் போய்ப் பார்க்கலாம்.

சுருக்கத்தை ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து ஒருத்தி படிக்க மற்றவர்கள் கேட்டோம். பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கிற ஏரி, ஓடை எல்லாம் பட்டியல் போட்டிருந்தார்கள். எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வருகிற வரத்து வாய்க்கால் அதில் இல்லை. அந்த வாய்க்கால் போவதே குழி வரப்போகிற நிலத்தின் ஓரமாகத்தான். கிழக்குத் தெரு பெரியம்மா கேட்டுவிட்டு, "வாய்க்காலே இல்லன்னா அப்புறம் ஏரி எப்படிடி இருக்கும்?" என்றார்.

அடுத்தது இடம். கூட்டம் பக்கத்து ஊர்க் கல்யாண மண்டபத்தில், மாடி ஹாலில் என்று போட்டிருந்தது. எங்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலி. ஒரு பெண்ணுக்குப் போலியோ கால். மாடி ஏற முடியாதவர்கள்தான் அங்கே நிலம், கிணறு வைத்திருக்கிறவர்களும். இடத்தை மாற்றணும் என்று திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். அங்கே ஒரு அதிகாரி விளக்கமாகச் சொன்னார்: இடமோ நாளோ மாறினால் மறுபடியும் அதே பத்திரிகைகளில் விளம்பரம் கொடுக்கணும், அவசர நிலை இல்லாமல் ஒத்திவைக்க விதியில் இடமில்லை. சரி என்று எங்கள் கூட்டமைப்புச் செயலாளர் அக்கா ஒரு யோசனை சொன்னார். மண்டபத்தை மாற்ற வேண்டாம், மாடிக்குப் பதில் கீழே பந்தி நடக்கிற ஹாலில் வையுங்கள். அப்படியே செய்தார்கள். விளம்பரத்தை மாற்றாமலே வேலை முடிந்தது.

எழுத்து மனுவில் முதலில் நாங்கள் செய்தது தப்பு. ஒரே மனுவை எழுதி ஜெராக்ஸ் போட்டு, அறுபத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டுக் கட்டாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பெருமையாக இருந்தது. ஆனால் வாரிய அலுவலகத்தில் அதை ஒரே வரியில் பதிந்தார்கள்: ஒரே மாதிரியான மனுக்கள் 63. அவர்கள் மேல் குற்றம் இல்லை. அறுபத்து மூன்றிலும் விஷயம் ஒன்றுதானே?

திரும்பி வந்து தனித்தனியாக எழுதினோம். சர்வே எண், கிணற்றின் ஆழம், எந்த வருஷத்திலிருந்து தண்ணீர் கீழே போனது, வெடி வைக்கும்போது எந்தச் சுவர் விரிந்தது, இவ்வளவுதான். ஒருத்தியின் மனு ஆறு வரி. 60 அடிக் கிணறு, சித்திரையில் முன்பெல்லாம் பத்தடித் தண்ணீர் நிற்கும், இப்போது தரை தெரிகிறது, கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் இவ்வளவு தூரம், அளந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம், கைநாட்டு வைத்து, எழுதியவர் பெயரையும் போட்டோம். ஒவ்வொன்றும் இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் சீலும் தேதியும் வாங்கினோம். வர முடியாதவர்கள் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். வாய்க்கால் விஷயத்துக்குத் தனி மனு, கிராம வரைபடத்தின் நகலோடு.

கூட்டத்தன்று முதலில் கம்பெனிக்காரர்கள் திரையில் படம் போட்டு விளக்கினார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேசலாம். வீடியோ எடுத்தார்கள், அதுவும் விதியில் உண்டு. வேலை வேணும் என்று சிலர், வேண்டாம் என்று சிலர், சத்தமும் போட்டார்கள். இங்கே ஒன்று சொல்லணும். அங்கே கைதூக்கி ஓட்டு எடுப்பது இல்லை. எத்தனை பேர் வரணும் என்ற கணக்கும் இல்லை. மேடையில் இருக்கிறவர்கள் அனுமதி கொடுக்கிறவர்களும் இல்லை. அங்கே எழுதப்படுகிற நடவடிக்கைக் குறிப்புதான் சென்னைக்கோ டெல்லிக்கோ போகிறது. அங்கே இருக்கிற நிபுணர் குழு நம் முகத்தைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறது. கோவாவில் ஒரு சுரங்க வழக்கில் 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம், மக்கள் சொன்ன ஆட்சேபணைகளை அந்தக் குழு பரிசீலித்துக் காரணம் எழுதணும் என்று சொல்லியிருக்கிறது. தாளில் ஏறாத ஆட்சேபணைக்கு யார் காரணம் எழுதுவார்கள்?

அந்தக் குறிப்பைக் கூட்டத்தின் முடிவில் தமிழில் படித்துக் காட்டி, அன்றைக்கே கையெழுத்தாகணும். அந்த நேரத்தில்தான் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். மணி இரண்டு ஆகிவிட்டது, வாசலில் சாப்பாட்டுப் பொட்டலம், பஸ்ஸும் அப்போதுதான். நாங்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். படித்தார்கள். பெரியம்மா பேசியதை "குடிநீர் வசதி செய்து தரக் கோரினார்" என்று எழுதியிருந்தார்கள். பெரியம்மா எழுந்து, "ஐயா, நான் பைப்பு கேக்கலிங்க. என் கிணறு வத்துதுன்னு சொன்னேன், வாய்க்கால் உங்க புத்தகத்துல இல்லன்னு சொன்னேன்" என்றார். வாரியத்து அம்மா அடித்துவிட்டுத் திருத்தி எழுதி மறுபடி படித்தார். இரண்டு வரிதான். பிறகுதான் கையெழுத்தானது. நாங்கள் பஸ்ஸை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வந்தோம்.

சில நாள் கழித்து அந்தக் குறிப்பை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டினார்கள். அதன் மேலும் கருத்து இருந்தால் எழுதி அனுப்பலாம். திருத்தம் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், இருந்தது.

சுரங்கத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வரத்து வாய்க்காலைத் தொடக்கூடாது, ஓரமாக இடம் விடணும் என்று ஒரு நிபந்தனை சேர்ந்திருந்தது. சுற்றியுள்ள கிணறுகளில் வருஷத்துக்கு நாலு தடவை, ஏப்ரல்-மே, ஆகஸ்ட், நவம்பர், ஜனவரியில் நீர்மட்டம் அளக்கணும் என்பது இந்த மாதிரி அனுமதிகளில் வழக்கமாக வருகிற நிபந்தனை. அதுவும் இருந்தது. நிபந்தனைகளைச் செய்தோமா என்று கம்பெனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை கொடுக்கணும்.

போன ஜூனில் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அளந்த கிணறுகளின் பட்டியல் இருந்தது. பெரியம்மா கிணறு அதில் இல்லை. சர்வே எண்ணைப் போட்டு, சீல் வாங்கின பழைய மனுவின் நகலையும் வைத்து, சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறோம். டிசம்பர் அறிக்கை வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.