மூன்று வரிக்கு ஓர் உரை: ஆண்டு இழப்புக் கணக்கு

தகவல் பாதுகாப்புப் பாடநூல்கள் பலவற்றிலும் இந்த மூன்று வரிகளைக் காணலாம்.

```
SLE = AV × EF
ALE = SLE × ARO
V = ALE1 − ALE2 − C
```

இந்தக் கணக்கைப் பரவலாக்கியது 1979-இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயப் பணியகம் வெளியிட்ட FIPS 65 என்ற வழிகாட்டி. அதற்கு அடிப்படை ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் கோர்ட்னி வகுத்த முறை. ஈரோட்டில் ஒரு வரிக் கணக்கு அலுவலகத்தைக் கற்பனை செய்துகொண்டு வரிவரியாகப் பார்ப்போம். ஒரு சர்வர், கணக்கு எழுத ஐந்து பேர், மாதம்தோறும் ஜிஎஸ்டி தாக்கல் செய்து தர வேண்டிய 80 கடைக்காரர்கள். அஞ்சும் ஆபத்து ரேன்சம்வேர்: கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்.

AV

சொத்தின் மதிப்பு. உரிமையாளரைக் கேட்டால் சர்வர் வாங்கிய பில்லைத்தான் எடுப்பார்: 80,000 ரூபாய். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் கணக்கு முழுவதும் போனால் என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். ஐந்து பேர் 40 நாள் உட்கார்ந்து பில்களை மறுபடி ஏற்ற வேண்டும். ஆள் ஒன்றுக்கு நாளைக்கு 800 ரூபாய் என்றால் 1,60,000. மாதத் தாக்கலின் கெடு 20-ஆம் தேதி. 80 பேருக்கும் பத்து நாள் தள்ளிப்போனால், நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணப்படி 40,000. சட்டப்படி அது கடைக்காரர் கட்ட வேண்டிய பணம். தவறு அலுவலகத்துடையது என்பதால் அலுவலகமே ஏற்கும் என்று கொள்வோம். ஆண்டுக்கு 20,000 ரூபாய் கட்டணம் தருபவர்களில் 16 பேர் வேறிடம் போனால் 3,20,000. எல்லாம் சேர்த்து 6,00,000. பில்லில் இருந்த தொகை இதில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றே கீழ்.

EF

சேதப் பங்கு: ஒரு சம்பவத்தில் அந்த மதிப்பில் எவ்வளவு போகும் என்பது. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓர் எண்ணை மனத்துக்குத் தோன்றியபடி எழுதிவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை. சேதத்தை உருப்படி உருப்படியாகக் கூட்டி, கடைசியில் பங்கைக் கண்டுபிடிப்பதே சரி. ரேன்சம்வேர் வந்தால் சர்வர் எரிந்துபோகாது. அதற்குச் சேதம் பூஜ்யம். மாதம் ஒருமுறை வன்தட்டில் நகல் எடுக்கும் பழக்கம் இருப்பதால், அதற்குப் பிறகு ஏற்றியது மட்டும் போகும்: ஐந்து பேருக்குப் பத்து நாள் வேலை, 40,000. தாமதக் கட்டணம் 40,000. எட்டுப் பேர் விலகுவதாகக் கொண்டால் 1,60,000. ஆக, ஒருமுறை இழப்பாகிய SLE 2,40,000, பங்கு 0.4.

தேதி இங்கே முக்கியம். 22-ஆம் தேதி பூட்டினால் அந்த மாதத் தாக்கல் முடிந்திருக்கும். 17-ஆம் தேதி பூட்டினால் மேலே சொன்ன முழுச் சேதமும் வரும். நான் எப்போதும் மோசமான வாரத்தை வைத்தே கணக்கிடுவேன், அப்படிச் செய்ததைப் பக்கத்தில் குறித்தும் வைப்பேன். குறிக்காவிட்டால் அடுத்த ஆண்டு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

ARO

ஓர் ஆண்டில் சராசரியாக எத்தனை முறை. மூன்று வரிகளிலும் மிகவும் பலவீனமான இடம் இது. எட்டு ஆண்டில் இரண்டு முறை நடந்திருக்கிறது என்றால் 0.25 என்று எழுதுவோம். உடனே ALE = 2,40,000 × 0.25 = 60,000 என்று வந்துவிடும். அந்த எண் எவ்வளவு உறுதியானது? எட்டு ஆண்டில் இரண்டே சம்பவம் என்ற தகவலிலிருந்து, 90 சதவீத நம்பகத்தோடு சொல்லக்கூடியது இவ்வளவுதான்: உண்மையான வீதம் ஆண்டுக்கு 0.04 ஆகவும் இருக்கலாம், 0.79 ஆகவும் இருக்கலாம். அதாவது ஆண்டு இழப்பு சுமார் பத்தாயிரத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் இடையில் எங்கேயோ.

கோர்ட்னி இதை அறிந்தவர். அவருடைய முறையில் இழப்பு பத்து, நூறு, ஆயிரம் என்று பத்தின் அடுக்குகளில்தான் எழுதப்பட்டது. நிகழும் வீதமும் 300 ஆண்டுக்கு ஒன்று, 30 ஆண்டுக்கு ஒன்று, 3 ஆண்டுக்கு ஒன்று என்றே படிப்படியாக ஏறியது. நுணுக்கமான எண் கிடைக்காத இடத்தில் நுணுக்கமாக எழுத அவர் இடம் தரவில்லை. பின்னால் வந்த பாடநூல்களில் அந்தக் கட்டுப்பாடு உதிர்ந்துபோனது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

இன்னொன்று: 0.25 என்பதை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வரும் என்று படிக்கக் கூடாது. அந்த வீதத்தில், நான்கு ஆண்டு முழுக்க ஒன்றுமே நடக்காமல் போக 37 சதவீத வாய்ப்பு உண்டு. மூன்று ஆண்டு அமைதியாகக் கழிந்ததும் பேக்கப் செலவை நிறுத்துபவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

V = ALE1 − ALE2 − C

பாதுகாப்புக்கு முந்தைய ஆண்டு இழப்பு, பிந்தைய ஆண்டு இழப்பு, ஆண்டுச் செலவு. தினமும் இரவில் நகல் எடுத்து, அதில் ஒன்றை அலுவலகத்துக்கு வெளியே வைக்க ஆண்டுக்கு 30,000 ஆகிறது என்போம். இந்தச் செலவு எந்த எண்ணைக் குறைக்கிறது என்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். பேக்கப் வைத்திருப்பதால் ரேன்சம்வேர் வருவது குறையாது, 0.25 அப்படியே நிற்கும். குறைவது சேதப் பங்கு. ஒரு நாள் வேலை 4,000, விலகும் ஒருவரின் 20,000, ஆக 24,000, ஆண்டுக்கு 6,000. 60,000 − 6,000 − 30,000 = 24,000. செலவு லாபம்தான்.

ஆனால் 0.25-ஐ நம்ப முடியாது என்று சற்றுமுன் பார்த்தோமே. அதனால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். ஒரு சம்பவத்துக்கு மிச்சமாவது 2,16,000. செலவு 30,000. இரண்டையும் வகுத்தால் 0.14, அதாவது ஏழு ஆண்டுக்கு ஒன்று. இப்போது உரிமையாளரிடம் கேட்க வேண்டியது, “எத்தனை முறை வரும்?” என்பதல்ல, “ஏழு ஆண்டுக்கு ஒருமுறையை விட அடிக்கடி வருமா?” என்பதுதான். எட்டு ஆண்டில் இரண்டு முறை பார்த்தவர் இதற்கு யோசிக்காமல் பதில் சொல்வார். மூன்று வரிகளிலிருந்தும் கிடைக்கும் பயனுள்ள எண் அந்த ஏழுதான் என்பது என் கருத்து, 60,000 அல்ல.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெளியே ஒன்றை வைக்காமல், நகல் எடுக்கும் வன்தட்டும் எந்நேரமும் சர்வரில் செருகியே இருந்தால், ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும். பழைய மாதாந்தர நகலும் அதே தட்டில்தான் என்றால் சேதப் பங்கு 0.04-இல் நிற்காது, 0.4-ஐயும் தாண்டிவிடும். நகல் உண்மையில் உதவுமா என்பதைக் கண்டறிய வழி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கணினியில் நகலை மீட்டெடுத்து, போன வாரத்துப் பில் ஒன்று திறக்கிறதா என்று பார்ப்பது. அதற்கான அரை நாள் கூலியும் C-இல் சேர வேண்டும்.

இம்மூன்று வரிகளும் சொல்லாதது

மாதம் விட்டு மாதம் மின்வெட்டால் 10,000 ரூபாய் போகும் அலுவலகத்துக்கு ஆண்டு இழப்பு 60,000. பத்து ஆண்டுக்கு ஒருமுறை தீப்பிடித்து ஆறு லட்சமும் போகும் அலுவலகத்துக்கும் 60,000. முதலாவதை மாதச் செலவோடு செலவாகத் தாங்கலாம். வங்கியில் இரண்டு லட்சம் மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டாவது வந்தால் மறுநாள் கதவு திறக்காது. சராசரி எடுக்கும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. காப்பீட்டு நிறுவனம் தன் செலவையும் லாபத்தையும் சேர்த்தே பிரீமியம் வாங்குவதால், தீக் காப்பீட்டுக்கு V பெரும்பாலும் எதிர்மறையாகவே வரும். அப்படி வந்தாலும் இவர் அதை எடுத்தாக வேண்டும். அதனால் பட்டியலில் ALE-க்குப் பக்கத்தில் SLE-யையும் ஒரு பத்தியாக எழுதி, கையிருப்பைத் தாண்டும் வரிகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, அவற்றைத் தனியே எடுத்துப் பேசுவதே என் வழக்கம்.