அண்டை அயல் தொல்லை: திண்டுக்கல்லில் ஒரு சட்டப் பரிகாரத்தின் வரலாறு

ஒருவர் தம் நிலத்தில் செய்யும் காரியம் பக்கத்து நிலத்துக்காரரின் உடல்நலத்தையோ சொத்தையோ நிம்மதியையோ கணிசமாகக் கெடுக்கும்போது, அது சட்டத்தில் 'தொல்லை' எனப்படும். இரைச்சல், புகை, வாறுகால் நீர், எல்லை தாண்டும் மரக்கிளை ஆகியவை இதன் வழக்கமான வடிவங்கள். ஊரையோ தெருவையோ பாதித்தால் அது பொதுத் தொல்லை. குறிப்பிட்ட அண்டை வீட்டாரைப் பாதித்தால் தனியார் தொல்லை. தனியார் தொல்லைக்கு உரிமையியல் நீதிமன்றம் இரண்டு பரிகாரங்களைத் தருகிறது. செயலைத் தடுக்கும் உறுத்துக்கட்டளை ஒன்று, நேர்ந்த நட்டத்துக்கான இழப்பீடு மற்றொன்று. தோல் பதனிடும் தொழில் நிலைபெற்ற திண்டுக்கல், இந்தப் பரிகாரத்தின் வலிமையையும் போதாமையையும் ஒருங்கே காட்டும் ஊர்.

தோற்றம்

இச்சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. ஆல்ட்ரெட் என்பவரின் வீட்டருகே பக்கத்து நிலத்துக்காரர் பன்றிக்கொட்டில் கட்டினார். நாற்றம் வீட்டுக்குள் வருவது வழக்குத் தொடரத் தகுந்த கேடுதான் என்று 1610-ல் நீதிமன்றம் ஏற்றது. 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சட்டங்களைத் தொகுத்து எழுதிய பிளாக்ஸ்டன், அண்டை வீட்டாரைத் துன்புறுத்தும் தொழில்களுக்கு எடுத்துக்காட்டாகத் தோல் பதனிடுவோரைக் குறிப்பிட்டார். ஓடையின் மேற்பகுதியில் சுண்ணாம்புக் குழி வைத்துக் கீழே உள்ளவரின் தண்ணீரைக் கெடுப்பதையும் அதே வரிசையில் சேர்த்தார். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைப்பது திண்டுக்கல் தொழிலாளிகளுக்கும் பழகிய வேலை.

1879-ல் தீர்க்கப்பட்ட ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் வழக்கு இன்னொரு முக்கியமான விதியைத் தந்தது. ஒரு மிட்டாய்க்காரர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தம் உரல்களை இடித்துவந்தார். பக்கத்து மனையில் இருந்த மருத்துவர் தோட்டத்து ஓரத்தில் நோயாளிகளைப் பார்க்க அறை கட்டிய பிறகே அந்த அதிர்வு அவருக்குத் தொல்லையானது. தொழில்தான் முதலில் வந்தது என்ற வாதம் எடுபடவில்லை. தொல்லை தொடங்காத காலத்தை உரிமைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று நீதிமன்றம் மிட்டாய்க்காரரைத் தடுத்தது.

சென்னை மாகாணத்தில் வேரூன்றியது

இந்தியாவில் இக்கோட்பாடுகள் இரண்டு சட்டங்களின் வழியே நுழைந்தன. 1877-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம் உறுத்துக்கட்டளைக்கு விதி செய்தது. காற்றைப் புகையால் கெடுப்பதும், மணியடித்து வீண் சத்தம் எழுப்புவதும் அதன் எடுத்துக்காட்டுகளில் இடம்பெற்றன. 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், முதலில் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றுக்கு மட்டுமே அமலானது. அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல்லுக்கும் அது 1882 ஜூலை 1 முதல் பொருந்தியது.

அதன் 7-ஆம் பிரிவு, நில உரிமையாளருக்கு இயல்பாகவே உள்ள உரிமைகளை எடுத்துக்காட்டுகளுடன் சொல்கிறது. நிலத்துக்கு வரும் காற்றை மற்றவர்கள் அளவுமீறிக் கெடுக்கக்கூடாது. இரைச்சலாலும் அதிர்வாலும் வீட்டாரின் உடல் சுகம் கணிசமாகக் குலையக்கூடாது. நிலத்தின் வழியே ஓடும் நீர் மட்டுமல்லாமல் மண்ணில் ஊறிவரும் நீரும் மாசுபடக்கூடாது. கிணற்றுப் பாசனத்தை நம்பிய திண்டுக்கல் சமவெளிக்குக் கடைசி உரிமையே உயிர்நாடி.

20 ஆண்டு அனுபவம்

தொல்லையைச் சகித்துக்கொண்டே இருப்பதற்குச் சட்டத்தில் விலை உண்டு. வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி, ஒரு வீட்டுத் தண்ணீர் பக்கத்து மனை வழியாக வெளிப்படையாகவும் தடையின்றியும் உரிமையாகவும் 20 ஆண்டுகள் போய்வந்தால், அதை அனுபவித்தவர் உரிமை கோரலாம். ஆனால் உரிமை அனுபவித்த அளவுக்கே நிற்கும். ஒரு குடும்பத்தின் குளியல் நீர் ஓடிய வழியில் பின்னர் அந்த இடத்தில் வந்த உணவகத்தின் எண்ணெய்க் கழிவைத் திருப்பிவிட முடியாது. மேட்டு நிலத்தில் இயல்பாக விழும் மழைநீரைத் தாழ்ந்த நிலத்துக்காரர் ஏற்கவேண்டும். சாக்கடையை ஏற்க வேண்டியதில்லை.

இந்த 20 ஆண்டுக் கணக்கால்தான் வக்கீல் நோட்டீசுக்கு மதிப்பு. சும்மா இருப்பவரின் மௌனம் சம்மதமாகப் படிக்கப்படும். எழுத்தில் ஆட்சேபித்தவர், தாம் அதற்கு இசையவில்லை என்பதற்குச் சான்று வைத்திருக்கிறார்.

மரக்கிளைக்கு விதி வேறு. எல்லை தாண்டிய கிளையை, பக்கத்து நிலத்தில் கால் வைக்காமல், தம் எல்லை வரை வெட்டிக்கொள்ள அனுமதி தேவையில்லை என்று இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை லெம்மன் எதிர் வெப் வழக்கில் தீர்ப்பளித்தது. மரம் வளர்ந்துகொண்டே இருப்பதால், கிளையை நீட்டிக்கொள்ளும் உரிமை காலத்தால் கனியாது. ஆனால் வெட்டிய கிளையும் காயும் மரத்துக்காரருடையவை. வேம்பின் கிளையை வெட்டலாம், அதை விறகாக எடுத்துக்கொள்ளக்கூடாது. எல்லைக்கு அப்பால் இருக்கும் பகுதியைத் தொட வேண்டுமானால் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.

வழக்கு நடக்கும் விதம்

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கலாம். குடியிருப்புத் தெருவில் ஓர் உணவகம் விறகடுப்பு வைத்து, தாழ்ந்த புகைப்போக்கி வழியே பக்கத்து வீட்டு மாடிக்குப் புகையை விடுகிறது. வீட்டுக்காரர் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில், அதாவது பழைய பேச்சில் முன்சீப் கோர்ட்டில், வழக்குத் தொடுக்கலாம்.

தற்போதைய 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் நிரந்தர உறுத்துக்கட்டளையும், 39-ஆம் பிரிவில் செய்யவேண்டியதைச் செய்யச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளையும் கேட்கலாம். 'புகை விடாதே' என்பது முதலாவது. 'புகைப்போக்கியை உயர்த்து' என்பது இரண்டாவது. கடையையே மூடச் சொல்வதைவிட, தொல்லை நீங்கும் அளவுக்கு மட்டும் கட்டளை கேட்பது பெரும்பாலும் எளிதில் ஏற்கப்படும்.

வழக்கு முடியும் வரை இடைக்காலத் தடை வேண்டுமானால் மூன்றைக் காட்டவேண்டும். வழக்கில் முதல்நோக்கிலேயே நியாயம் இருக்கிறது, தடை மறுக்கப்பட்டால் வாதிக்கு வரும் இடையூறு பிரதிவாதிக்கு வருவதைவிடப் பெரிது, பின்னால் பணத்தால் அதை ஈடுகட்ட முடியாது. இடத்தைப் பார்க்க நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக அனுப்பலாம். அவர் சுவரில் படிந்த கரியையும் புகைப்போக்கியின் உயரத்தையும் சன்னலுக்குள்ள தூரத்தையும் வரைபடத்துடன் அறிக்கையாகத் தருவார். வாதிக்குச் சாட்சி தேடிக்கொடுப்பது அவர் வேலையன்று.

எவ்வளவு தொல்லை என்பதே வழக்கின் மையம். எளிதில் புண்படும் மனிதரின் எரிச்சலை நீதிமன்றம் அளவுகோலாகக் கொள்ளாது. அந்த வட்டாரத்தில் வாழும் சாதாரண மனிதருக்கு அது தாங்க முடியாததா என்றே பார்க்கும். அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒரு மருத்துவர், தம் ஆலோசனை அறைக்கு அருகே செங்கல் அரைக்கும் இயந்திரத்தின் தூசு நோயாளிகளைத் துன்புறுத்துவதாக முறையிட்டார். துணிகளில் கண்ணுக்குத் தெரியும் செந்தூசு படிந்ததே வழக்கை அவர் பக்கம் சாய்த்தது. இரைச்சலுக்கு இப்போது எண்ணும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என வரையறுக்கின்றன. வரம்பை மீறியதற்கான அளவீடு உரிமையியல் வழக்கிலும் வலுவான சான்று.

இழப்பீடு கேட்பவர் ஒரு பிழையைச் செய்யக்கூடாது. 40-ஆம் பிரிவுப்படி, தடையுடன் சேர்த்தோ அதற்குப் பதிலாகவோ இழப்பீடு பெறலாம். ஆனால் அதைப் பிராதிலேயே கேட்டிருக்க வேண்டும். விட்டுவிட்டால் வழக்கு நடக்கும்போது திருத்தலாம். தடைக்கான வழக்கு தள்ளுபடியான பிறகு அதே மீறலுக்காகப் புதிதாக இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. வெள்ளையடிப்புச் செலவு, மருத்துவச் சீட்டு, காலி செய்த வாடகைதாரரால் வந்த இழப்பு ஆகியவற்றுக்குரிய ரசீதுகளே தொகையை நிர்ணயிக்கும். மற்றொரு எல்லை 41-ஆம் பிரிவில் உள்ளது. இன்னும் நடக்காத ஒரு செயல் தொல்லையாகும் என்பது தெளிவாக இல்லையெனில் நீதிமன்றம் அதைத் தடுக்காது. கட்டப்படும் கொட்டகையைப் பார்த்துப் பயந்து மட்டும் வழக்கில் வெல்வது கடினம்.

தோல் ஆலைகளும் கிணறுகளும்

இந்தப் படிகள் அனைத்தும், தொல்லை தருபவர் யார் என்பது தெரியும் இடத்தில்தான் பயன்படும். திண்டுக்கல் தோல் ஆலைகளின் கழிவுநீர் அந்த வசதியைத் தரவில்லை. பல ஆலைகளின் நீர் ஒரே நிலத்தில் கலந்து மண்ணில் இறங்கியது. எந்த ஆலையின் உப்பு எந்தக் கிணற்றில் ஏறியது என்பதைத் தனி விவசாயி ஒவ்வொருவராக வழக்காடி நிறுவ முடியாது. நிறுவினாலும் ஒருவர் மீதான தடை மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது.

இதே துயரை வேலூர்ப் பகுதிக் குடிமக்கள் அமைப்பு ஒன்று 1991-ல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு எனப்படும் அதில் திண்டுக்கல் மாவட்டமும் இடம்பெற்றது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் வட்டாரங்களில் 13 கிராமங்களில் ஓர் அரசு சாரா அமைப்பு எடுத்த ஆய்வைத் தீர்ப்பு பதிவு செய்தது. குடிநீருக்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன.

1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தபோது, மாசற்ற சூழலுக்கான உரிமை புதிதாக முளைத்ததல்ல என்று காட்ட, தோல் பதனிடுவோரைப் பற்றிய பிளாக்ஸ்டனின் பத்தியையே எடுத்தாண்டது. ஆனால் பரிகாரத்தை அண்டை வீட்டார் வழக்கின் வடிவத்துக்கு வெளியே வைத்தது. மாசு செய்தவர் ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. யாருக்கு எவ்வளவு ஈடு என்று மதிப்பிட ஓர் ஆணையத்தை அமைக்கவும், சென்னை உயர் நீதிமன்றத்தில் தனிப் பசுமை அமர்வு ஏற்படுத்தவும் வழிசெய்தது. ஒவ்வொரு கிணற்றுக்காரரும் தமக்கான ஆலையைத் தேடிக் கண்டுபிடிக்கும் சுமை இதனால் குறைந்தது.

இன்றைய பிரிவினை

2010-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தபின், அத்தீர்ப்பாயம் தீர்க்கவல்ல சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கோரிக்கைகளை உரிமையியல் நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது. தீர்ப்பாயத்துக்குச் செல்ல, சூழல் பற்றிய கணிசமான கேள்வி எழுந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு வாறுகாலும் மாமரக் கிளையும் அந்த அளவை எட்டா; அவை இன்னும் முன்சீப் கோர்ட்டின் வழக்குகளே. தெருவையே அடைக்கும் கழிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிடலாம். 2024 ஜூலை 1 வரை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்த அந்த அதிகாரம் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் உள்ளது.

தீர்ப்பு வந்ததும் தொல்லை தானாக நின்றுவிடாது. கட்டளையை மீறுபவரைச் சிவில் சிறையில் வைக்கவும் அவர் சொத்தைப் பற்றுகை செய்யவும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வழி உண்டு. அதற்கு வாதியே நிறைவேற்று மனு போட்டு மீறலை நிரூபிக்க வேண்டும். ஆகையால் தீர்ப்பாணையில் 'தொல்லை செய்யாதே' என்று பொதுவாக இருப்பதைவிட, புகைப்போக்கி எத்தனை அடி உயர வேண்டும், குழாய் எந்த வாறுகாலில் சேர வேண்டும் என்று அளவுடன் எழுதப்பட்டிருந்தால், மீறினாரா இல்லையா என்ற தகராறுக்கே இடம் குறைகிறது.