ஒரு கொலை வழக்கில் பிறந்த கேள்வி

கி.மு. 399. ஏதென்ஸ் நகரச் சந்தைவெளியின் ஓரத்தில், சமயக் குற்ற வழக்குகளை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளும் அதிகாரியின் மண்டபம். அதன் அடித்தளத்தை 1970-இல் அகழாய்வாளர்கள் கண்டெடுத்தார்கள். அந்த வாசலில் இருவர் சந்தித்துப் பேசுவதாகப் பிளேட்டோ ஓர் உரையாடல் எழுதினார். ஒருவர் சாக்ரடீஸ், தெய்வ நிந்தனை வழக்கில் சிக்கியவர். மற்றவர் யூதிஃப்ரோ, குறி சொல்பவர். அவர் வழக்குத் தொடுக்க வந்திருப்பது பெற்ற தகப்பன் மேல்.

நடந்தது இது. நாக்ஸோஸ் தீவில் யூதிஃப்ரோவின் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அங்கே வேலை பார்த்த கூலியாள் ஒருவன் குடிபோதையில் வீட்டு அடிமை ஒருவனைக் கழுத்தறுத்துக் கொன்றுவிட்டான். தகப்பனார் அவனைக் கைகாலைக் கட்டிப் பள்ளத்தில் போட்டார். இவனை என்ன செய்வது என்று சமய விதி சொல்லும் அதிகாரியிடம் கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆள் அனுப்பினார். கொலைகாரன்தானே, செத்தால் சாகட்டும் என்று அதன்பிறகு அவனைக் கவனிக்கவே இல்லை. போன ஆள் திரும்புவதற்குள் பசியிலும் குளிரிலும் கட்டுண்டபடியே அவன் செத்துப்போனான்.

இந்தத் தகப்பனாரைப் பற்றிப் பிளேட்டோ அதிகம் பேசவில்லை. எனக்கோ கதையின் கனமே அவரிடம்தான் இருக்கிறது. சரி எது என்பதை மேலிருந்து வரும் உத்தரவு சொல்லட்டும் என்று காத்திருந்தவர் அவர். பள்ளத்தில் கிடந்தவனுக்குத் தண்ணீர் கொடுக்க எந்த உத்தரவும் தேவைப்பட்டிருக்காது.

மகனுக்குத் தயக்கமே இல்லை. அப்பன் மேல் மகன் வழக்குப் போடுவது பாவம் என்று வீட்டார் கொதிக்கிறார்கள். ஸீயஸே தன் தகப்பனைக் கட்டிப்போட்டாரே என்பது அவர் பதில். அப்படியானால் புனிதம் என்பது என்ன என்று சாக்ரடீஸ் கேட்கிறார். தெய்வங்களுக்குப் பிடித்தது என்கிறார் யூதிஃப்ரோ. தெய்வங்களே தங்களுக்குள் சண்டை போடுகின்றனவே என்றதும், எல்லாத் தெய்வங்களுக்கும் பிடித்தது என்று திருத்துகிறார்.

அப்போதுதான் அந்தக் கேள்வி பிறக்கிறது. புனிதமாக இருப்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது புனிதமாகிறதா?

யூதிஃப்ரோவுக்குக் கேள்வியே புரியவில்லை. சாக்ரடீஸ் நிதானமாக விளக்குகிறார். ஒரு மூட்டை ‘சுமக்கப்படுவது’ ஆவது யாரோ அதைச் சுமப்பதால். சுமக்கப்படுவதாக இருப்பதால் ஒருவர் அதைத் தூக்குவதில்லை. தூக்குவதற்குக் காரணம் வேறு ஏதோ இருக்கவேண்டும். அதேபோல் ஒன்று ‘விரும்பப்படுவது’ ஆவது தெய்வங்கள் விரும்புவதால். சரி, தெய்வங்கள் ஏன் விரும்புகின்றன? அது புனிதமானது என்பதால், என்று யூதிஃப்ரோ ஒப்புக்கொள்கிறார். அங்கேயே அவர் கொடுத்த இலக்கணம் உடைந்துவிடுகிறது. புனிதத்துக்கு என்ன நேர்கிறது என்று சொன்னாரே தவிர, அது என்ன என்று சொல்லவில்லை.

இந்த வாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் பார்க்கவேண்டும். அது நிற்பது யூதிஃப்ரோ ஒப்புக்கொண்ட அந்த ஒரு வார்த்தையின் மேல்தான். காரணம் ஒன்றும் இல்லை, அவை விரும்பின, அதனாலேயே புனிதம் என்று அவர் சொல்லியிருந்தால் சாக்ரடீஸால் அவரை இந்த வழியில் மடக்கியிருக்க முடியாது.

பின்னால் வந்த சிலர் அந்த வழியைத் தெரிந்தே எடுத்தார்கள். ஒரே இறைவனை நம்பும் மதங்களில் தெய்வச் சண்டை என்ற சிக்கல் தீர்ந்தது. விருப்பத்தின் இடத்துக்குக் கட்டளை வந்தது. கேள்வி மட்டும் அப்படியே நின்றது. நன்மை தீமையை அறிவாலேயே அறியலாம் என்றார்கள் இஸ்லாமியச் சிந்தனையாளர்களில் ஒரு பிரிவினரான முஃதஸிலாக்கள். அவர்களிடமிருந்து விலகி வந்த பஸ்ராக்காரர் அல்-அஷ்அரீ, 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பொய் தீயதாவது இறைவன் அதைத் தீயதென்று ஆக்கியதாலேயே என்று வாதிட்டார். இறைவனுக்கு மேல் ஓர் அளவுகோல் இருக்கக்கூடாது என்ற பக்தி அதில் இருக்கிறது. அதை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் அதற்கான விலையை 1686-இல் ஜெர்மன் மெய்யியலாளர் லைப்னிட்ஸ் எடுத்துக்காட்டினார்: நேர்மாறாகச் செய்திருந்தாலும் இறைவன் அதே அளவு புகழுக்கு உரியவர் என்றால், செய்ததற்காக அவரைப் புகழ்வதில் என்ன பொருள்?

1973-இல் அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் ஆடம்ஸ் கட்டளைக் கொள்கையைத் திருத்தினார். ஒரு செயலைத் தவறாக்குவது அன்புள்ள இறைவனின் கட்டளைக்கு அது முரணாக இருப்பதுதான். கொடுமைக்காகவே கொடுமை செய்யச் சொல்லும் கட்டளைக்கு அந்தத் தகுதி கிடையாது. பிற்பாடு அவர் இன்னும் தெளிவாகப் பிரித்தார்: கட்டளையிலிருந்து வருவது கடமை மட்டுமே, நன்மை வருவது இறைவனின் இயல்பிலிருந்து. இதுவரை வந்த பதில்களில் எனக்கு வலுவாகப் படுவது இதுதான். ஆனாலும் சாக்ரடீஸின் கேள்வியை இதனிடமும் கேட்கலாம். அன்பு நல்லதாக இருப்பது இறைவனிடம் இருப்பதாலா? அந்தக் கூலியாளுக்கு இரங்குவது நல்லது என்று நாம் அறிவது இறைவனின் இயல்பைத் தெரிந்துகொண்ட பிறகா?

யூதிஃப்ரோ பதில் சொல்லவில்லை. அவசர வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.