மேடைத் தமிழின் நடை: எந்த அலகால் அளப்பது?

திராவிட இயக்க மேடைப்பேச்சு பற்றிய ஆய்வுகளில் பெர்னார்ட் பேட் 2009இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக வெளியிட்ட நூலுக்கு இணையாகப் பேசப்படுவது வேறில்லை. அவருடைய வாதத்தின் சாரம் இது: 1940களின் இறுதியிலும் 1950களிலும் அண்ணாதுரையும் அவர் வழிவந்த தி.மு.க. பேச்சாளர்களும் செந்தமிழை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்திய அரசியல் பேச்சு பெரும்பாலும் அன்றாடத் தமிழில் நடந்தது. மக்களாட்சி பரவிய அதே காலத்தில், மக்கள் பேசாத ஒரு நடை மக்கள் கட்சியின் அடையாளமாயிற்று. இந்த முரணைக் கண்டு சொன்னது பேட்டின் சாதனை. மதுரையில் 1990களில் நெருங்கியிருந்து கேட்டவர் என்பதால் மேடையின் மரியாதை ஒழுங்கு, புகழுரை, கூட்டத்தின் எதிர்வினை ஆகியவற்றை அவர் விவரிக்கும் பகுதிகளோடு இக்கட்டுரைக்கு மாறுபாடு இல்லை. மாறுபாடு எழுவது, நடையை ஒரு கட்சியின் அல்லது ஒரு பேச்சாளரின் உடைமையாக அவர் கொள்ளும் இடத்தில்தான். நடை பேச்சாளருக்கு உரியது என்பதைவிட, பேச்சுக்குள் ஓர் இடத்துக்கு உரியது என்று கொள்வதற்கே சான்றுகள் கூடுதல் இடம் தருகின்றன என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து. இதை அரூர் போன்ற ஒரு தொகுதியின் சில தேர்தல் உரைகளை வைத்தே முதுகலை மாணவர் ஒருவர் சோதிக்கலாம். ஆனால் எந்த அலகால் அளப்பது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளாவிட்டால் அந்தச் சோதனை எந்த முடிவை வேண்டுமானாலும் தந்துவிடும்.

காலக்கணக்கில் தொடங்கலாம். ‘முன்பு அன்றாடத் தமிழ், பின்பு செந்தமிழ்’ என்பது ஒப்பீட்டுக் கூற்று. அதற்கு இரு காலத்துப் பேச்சும் ஒரே அளவுகோலுக்குக் கிடைக்க வேண்டும். 1917இல் ‘தேசபக்தன்’ ஆசிரியரான திரு.வி.க. காங்கிரஸ் மேடையிலும் தொழிற்சங்க மேடையிலும் நல்ல தமிழில் பேசியதற்காகவே புகழ்பெற்றவர். பேட்டின் பிந்தைய ஆய்வு, அவர் மறைவுக்குப்பின் 2021இல் வெளிவந்த நூலில், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் பிரசங்கத்திலிருந்து சுதேசிக் கால மேடைவரை பின்னோக்கிச் செல்கிறது. தோற்றுவாய் இவ்வாறு பின்னே நகர நகர, 1940களில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட திருப்பத்தின் கூர்மை மழுங்குகிறது. சேலத்தில் 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறிய மாநாட்டை எடுத்துக்கொள்வோம். அந்த மாநாட்டு மேடையில் பெரியாரும் அண்ணாவும் இருந்தார்கள். பெரியாரின் நடை பேச்சு வழக்கை ஒட்டியது, அண்ணாவின் நடை அடுக்குத்தொடர் கொண்டது. ஒரே இயக்கம், ஒரே மேடை, ஒரே நாள், இருவேறு நடை. திருப்பம் கட்சியால் வந்ததா, ஆளால் வந்ததா, பேச்சின் நோக்கத்தால் வந்ததா என்பதை இந்தச் சான்று ஒன்றே தீர்த்துவிடாது. ஆனால் கட்சி என்ற விடை மட்டும் போதாது என்பதை அது காட்டிவிடுகிறது.

அச்சு இன்னொரு தடை. 1942இல் தொடங்கிய ‘திராவிட நாடு’ இதழிலும் சிறுவெளியீடுகளிலும் இருக்கும் உரைகள் மேடையில் ஒலித்தபடியே இருக்கின்றன என்று கொள்ள முடியாது. ‘வர்றாங்க’ என்று சொன்னதைக் குறிப்பெடுப்பவரோ அச்சுக்கோப்பவரோ ‘வருகிறார்கள்’ என்று மாற்றுவது தமிழ் அச்சின் பழக்கம். அச்சிட்ட உரையில் செந்தமிழின் விகிதத்தை எண்ணினால் கிடைப்பது, பேச்சாளரின் நடையும் பதிப்பாளரின் திருத்தமும் கலந்த ஓர் எண். எனவே முதல் விதி, நடையைக் குறியிட ஒலிப்பதிவை மட்டுமே கொள்வது. இதனால் 1940களுக்கு முந்திய பேச்சு முழுவதும் சோதனைக்கு வெளியே போய்விடுகிறது. பேட்டின் ‘முன்பு’ என்ற பாதி இந்த முறையால் உறுதியாகவும் போவதில்லை, மறுக்கப்படவும் போவதில்லை. ‘பின்பு’ என்ற பாதியை மட்டும் உரசிப் பார்க்கலாம்.

அந்தப் பாதியில் கவனிக்க வேண்டிய இடம் விளிப்பு. கருணாநிதி உரைகளின் தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்தது: ‘என் உயிரினும் மேலான அன்பு உடன்பிறப்புகளே’. எம்.ஜி.ஆர். விளிப்பு அதன் எதிர்வடிவம்: ‘என் இரத்தத்தின் இரத்தமான உடன்பிறப்புகளே’. சொல் மாறினாலும் கட்டு ஒன்றே: தன்மைப் பெயர், உடலோடு ஒட்டிய உவமை, உறவுச்சொல், ஏகார விளி. எம்.ஜி.ஆரை அண்ணாவின் வகையிலான செந்தமிழ்ச் சொற்பொழிவாளர் என்று யாரும் சொல்வதில்லை. அவர் உரையின் உடல் எளிமையானது. ஆயினும் வாசலில் நிற்பது செந்தமிழ்தான். நடை பேச்சாளரின் உடைமையானால் இந்த விளிப்புக்கு அவரிடம் இடமில்லை. பேச்சின் ஓர் இடத்துக்கு உரியதானால் அங்கே அது இருப்பதே இயல்பு. ஒரே ஒரு தொடரை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்பது நியாயம்தான். ஒவ்வோர் உரையிலும் தவறாமல் திரும்பி வரும் தொடர் என்பதால் அதன் எடை கூடுகிறது. அதே காரணத்தால் அது எண்ணிக்கையை ஏமாற்றவும் செய்யும்: நடையைக் குறியிடும்போது இந்த வாய்பாட்டை மற்ற வாக்கியங்களோடு கலந்தால் உரை முழுவதும் செந்தமிழாகத் தோற்றம் தரும். ஆகவே விளிப்பு தனி வகையாக வேண்டும்.

இப்படி இரண்டு குறியீட்டுப் பட்டிகள் தேவைப்படுகின்றன. ஒன்று இடத்தைச் சொல்வது: விளிப்பு, வாதம், கதை அல்லது உதாரணம், வாக்கு வேண்டுகோள். மற்றது நடையைச் சொல்வது: செந்தமிழ், பேச்சுத்தமிழ், இரண்டுக்கும் பொது. மூன்றாவது வகையை விட்டுவிட்டால் வேலை கெடும். ‘வரும்’, ‘போகும்’ போன்ற வினைமுற்றுகள் இரு நடையிலும் ஏறத்தாழ ஒரே உருவில் வருபவை. அவற்றைக் கேட்டதும் குறியிடுபவர் ஊகிக்கத் தொடங்குவார், இருவர் ஊகம் இரு திசையில் போகும். நடையைச் சொல்வளத்தால் தீர்மானிக்காமல் வினைமுற்றின் விகுதியால் தீர்மானிப்பது என்று விதி எழுதிக்கொண்டால் ‘பஸ்’, ‘ரேஷன்’ போன்ற சொற்கள் வந்ததும் பேச்சுத்தமிழ் என்று முடிவுகட்டும் சறுக்கல் குறையும்.

அடுத்தது அலகு. விளக்கத்துக்காக அமைத்த ஒரு பகுதி இது: ‘தென்பெண்ணையாற்று நீர் வீணே ஓட, ஏரிகள் வறண்டு, உழவர் பெருமக்கள் ஊரைவிட்டு வெளியேறி, பெங்களூரிலும் திருப்பூரிலும் கூலி வேலை தேடி அலைகின்ற அவலத்தை இந்த ஆட்சி அறியுமா? கேட்டா இப்ப நிதி இல்லைங்கிறாங்க. யாருக்கு இல்ல? நமக்குத்தான் இல்ல. அவங்களுக்கு இருக்குது.’ வாக்கியங்களை எண்ணினால் ஐந்தில் ஒன்றுதான் செந்தமிழ், அதாவது 20 சதவீதம். சொற்களை எண்ணினால் 30இல் 20, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. பேச்சு மாறவில்லை, அலகு மாறியதும் முடிவு தலைகீழாகிவிட்டது. காரணம் இலக்கணத்தில் இருக்கிறது: செந்தமிழ் மேடை வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போய் ஒரே முற்றில் முடிக்கும், பேச்சுத்தமிழ் முற்றுகளாகத் துண்டாடும். ஆகவே வினைமுற்று முடியும் இடம்வரை ஓர் அலகாகக் கொண்டு குறியிட வேண்டும். விகிதம் காணும்போது மட்டும் அந்த அலகின் சொற்களை எண்ண வேண்டும். முற்றுப்புள்ளியை நம்புவதற்கில்லை, அது ஒலிப்பதிவை எழுத்தாக்கியவர் வைத்தது. இரு குறியிடுபவர்களும் அலகுகளை ஒரே இடத்தில் வெட்டுகிறார்களா என்பதையும் வகைகளைப் பார்ப்பதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும்.

பிறகு நம்பகத்தன்மை. ஒருவர் குறியிட்டதை மற்றவர் பார்க்காமல் இருவரும் ஒரே 100 அலகுகளைக் குறியிடுவதாகக் கொள்வோம். எளிமைக்காக இரு நடை மட்டும். இருவரும் செந்தமிழ் என்றவை 84, இருவரும் பேச்சுத்தமிழ் என்றவை 4, மாறுபட்டவை இருபக்கமும் ஆறாறு. ஒத்துப்போனது 88 சதவீதம். பெரும்பாலான மாணவர் ஆய்வேடுகள் இங்கேயே நிறுத்திக்கொள்ளும். ஆனால் இருவருமே நூற்றுக்குத் தொண்ணூறு தடவை செந்தமிழ் என்று சொல்பவர்கள். கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் குறியிட்டாலும் 0.9 × 0.9 + 0.1 × 0.1 = 0.82 அளவுக்கு ஒத்துப்போவார்கள். ஜேகப் கோஹன் 1960இல் தந்த கப்பா இந்தத் தற்செயலைக் கழிக்கிறது: (0.88 − 0.82) ÷ (1 − 0.82) = 0.33. கிரிப்பண்டார்ஃப் தம் அளவைக்கு 0.8ஐ நல்ல எல்லையாகவும் 0.667ஐத் தற்காலிக முடிவுக்கான கீழெல்லையாகவும் வைத்தார். அதன்படி பார்த்தாலும் இந்த 88 சதவீதம் தேறாது. அதே பன்னிரண்டு மாறுபாடுகள், இரு நடையும் சரிபாதியாக வரும் உரையில், 0.76 தந்திருக்கும். அப்படியானால் கப்பா அநியாயமான அளவை அல்லவா என்ற மறுப்பு பழையது. இங்கே அது பொருந்தாது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் தேடுவது செந்தமிழ் உரைக்குள் பேச்சுத்தமிழ் எட்டிப் பார்க்கும் அரிய இடங்களை. இருவரில் ஒருவராவது பேச்சுத்தமிழ் என்று குறித்த 16 அலகுகளில் இருவரும் ஒத்துப்போனது நான்கில் மட்டுமே. அரியதைக் காண்பதில்தான் குறியிடுபவர்கள் தடுமாறுகிறார்கள், குறைந்த கப்பா அதைத்தான் சொல்கிறது. அந்தப் பன்னிரண்டு அலகுகளை எடுத்து வாசித்தால் எந்த விகுதி குழப்புகிறது என்பது தெரியும். விதியைத் திருத்தியபின் அதே 100ஐ மீண்டும் குறியிட்டால் எண் தானாகவே உயரும். புதிய பகுதியை எடுத்துத்தான் மறுசோதனை செய்ய வேண்டும். அறிக்கையில் தரவேண்டியது, இருவரும் கூடிப் பேசுவதற்கு முன் கிடைத்த எண்ணை.

பேட்டின் பக்கத்திலிருந்து வலுவான மறுப்பு ஒன்று எழும்: அவர் சொன்னது அழகியல், எண்ணிக்கை அல்ல, உரையில் பத்தில் ஒரு பங்கே செந்தமிழாக இருந்தாலும் கூட்டம் அதையே நினைவில் கொண்டு போகலாம். இது சரியான மறுப்பு, விகுதிகளை எண்ணி இதற்கு விடை காண முடியாது. ஆனால் அப்படிச் சொன்னால், ஒரு கட்சியார் செந்தமிழில் பேசினார்கள், மற்றவர் அன்றாடத் தமிழில் பேசினார்கள் என்ற கூற்றைக் கைவிட வேண்டிவரும். செந்தமிழ் நினைவில் நின்றது என்று மட்டுமே சொல்லலாம். அது வேறு கூற்று, இதைவிட அடக்கமானதும்கூட. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதில்தான் சிக்கல்.

அரூரில் ஒரே தேர்தலில் பேசிய இரு கட்சிப் பேச்சாளர்களின் உரைகளைக் கொண்டு மேற்சொன்ன பட்டிகளை நிரப்பினால், செந்தமிழ் அலகுகள் இருவரிடமும் விளிப்பிலும் வாக்கு வேண்டுகோளிலும் திரள்கின்றனவா, அல்லது ஒருவரிடம் மட்டும் உரை முழுதும் பரவிக் கிடக்கின்றனவா என்பது தெரியவரும். முதலாவது அமைந்தால் இக்கட்டுரையின் கருத்து வலுப்பெறும், இரண்டாவது அமைந்தால் பேட்டின் கருத்து. ஆனால் இன்றைய மேடை 1950களின் மேடை அன்று. அரை நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளியில் எல்லாக் கட்சியும் ஒரே வாய்பாட்டுக்கு வந்திருக்கலாம், அப்படியானால் நமக்குக் கிடைக்கும் ஒற்றுமை திராவிட நடையின் வெற்றிக்குச் சான்றாகவும் வாசிக்கப்படலாம். அந்த ஐயத்தை நீக்க 1950கள், 60களின் ஒலிப்பதிவுகளை இதே விதியால் குறியிட வேண்டும். அதுவரை திருப்பத்தின் தேதி 1940களா, திரு.வி.க. காலமா, அதற்கும் முந்தியதா என்பது திறந்த கேள்வியாகவே இருக்கும்.